தூரத்தில் இருந்து பார்த்தால் வங்கி விளம்பரம்: ஒரு மொபைல் நெட்வொர்க் ஹோர்டிங் அனுபவம்

பைபாஸ்வாசி
நெட்வொர்க் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. புறவழிச் சாலையில் 40க்கு 20 அடி ஹோர்டிங் அது. ஒரு கைபேசியின் திரை பலகை முழுவதையும் அடைத்துக்கொள்ள, அதற்குள் ஐந்து சிக்னல் கோடுகள் நிற்க, ஐந்தாவது கோடு மட்டும் பலகையின் விளிம்பைத் தாண்டி மேலே நீள வேண்டும் என்பதுதான் நாங்கள் கொடுத்த கருத்து. ஒரு நடிகரின் முகத்துக்கும் ரீசார்ஜ் திட்டத்துக்கும் இடம் வேண்டும் என்று வாடிக்கையாளர் தரப்பில் கைபேசியின் சட்டத்தை எடுத்துவிட்டு, கோடுகளை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். ஏற்றிய மறுநாள் ஆட்டோவில் போகும்போது, "புதுசா எந்த பேங்க் சார் வருது?" என்று ஓட்டுநர் கேட்டார். ஏறிக்கொண்டே போகும் கோடுகளை அவர் வரைபடமாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

சிவப்புமை
குறை நிறத்தில்தான் இருந்திருக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பை நீலத்தின் மேல் வைத்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். எழுத்தைப் பொறுத்தவரை, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்ற கணக்கை வைத்துக்கொண்டால் போதும்.

ஃப்ளெக்ஸ் அச்சகம், மதுரை
சிவப்புமை சொல்லும் கணக்கு சரி; நிறத்தைப் பற்றிச் சொல்வது சரியல்ல. அடர் சிவப்பும் அடர் நீலமும் வேறு வேறு நிறங்கள்தான் என்றாலும், இரண்டின் வெளிச்ச அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் மாலை மங்கியதும் இரண்டும் ஒரே கருமையாகிவிடும். கோப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். மஞ்சளின் மேல் கறுப்பு இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

அந்த எழுத்துக் கணக்கையும் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 400 அடி தூரத்துக்கு 40 அங்குலம் என்று ஒரு வரியை வைத்தால், மேலே 'கி'யின் கொக்கிக்கும் கீழே 'ழ', 'ரு' போன்றவற்றின் வாலுக்கும் இடம் போய், எழுத்தின் உடலுக்கு ஏறக்குறைய பாதிதான் மிஞ்சுகிறது. தூரத்தில் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே தலைப்பை இரண்டு மூன்று சொற்களில் முடித்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாகப் போடச் சொல்வது என் வழக்கம்.

உங்கள் ரீசார்ஜ் வரி எட்டு அங்குலம் இருந்திருந்தால், அது 80 அடிக்குத்தான் நன்றாகப் படிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தத் தூரத்தை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் பலகையும் பக்கவாட்டில் உயரே போயிருக்கும்.

ரீசார்ஜ் கடை
நானும் இதே சிக்கலில்தான் இருக்கிறேன். என் கடைப் பலகையில் நான்கு நெட்வொர்க்குகளின் சின்னம், செல்பேசி எண், "பழுது பார்க்கப்படும்" என எல்லாம் இருந்தும், யாரும் உள்ளே வருவதில்லை. விளக்கை மாற்றினால் சரியாகுமா?

ஃப்ளெக்ஸ் அச்சகம், மதுரை
ஐயா, உங்கள் பலகையை நடந்து போகிறவர்கள் பத்துப் பதினைந்தடியில் நின்றே படிக்கலாம். அது வேறு கணக்கு. ஹோர்டிங்குக்கு ஒரு சோதனை சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். 40 அடிப் பலகையை 400 அடியிலிருந்து பார்ப்பதும், ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் அச்சிட்ட தாளை நான்கடியிலிருந்து பார்ப்பதும் ஒன்றே. இருபது அங்குலத் திரையில் இரண்டடி தள்ளி அமர்ந்து ஒப்புதல் தருகிறவர், அந்தப் பலகையை ஏறத்தாழ 50 அடியில் நின்று பார்ப்பதற்குச் சமமாகத்தான் பார்க்கிறார். அதனால்தான் எல்லாமே தெரிவது போலிருக்கிறது, இன்னும் நாலு விஷயம் சேர்க்கவும் தோன்றுகிறது.

மழைநாள்
மும்பையின் மிலன் சுரங்கப்பாதை அருகே 2009 மழைக்காலத்தில் ஏர்செல் வைத்த ஹோர்டிங்கை நினைத்துக்கொண்டேன். அதில் நிஜமான ரப்பர் படகு ஒன்றையே கட்டித் தொங்கவிட்டார்கள். வெள்ளம் வந்தபோது அதை அவிழ்த்து மக்களை ஏற்றிச் சென்றார்கள். கண் போய் நிற்பதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

பைபாஸ்வாசி
படகு தூரத்தில் தெரிந்திருக்கும், சரி. ஆனால் அது ஒரு மொபைல் நெட்வொர்க்கின் விளம்பரம் என்று 400 அடியில் யாருக்குப் புரிந்திருக்கும்? எங்கள் கோடுகளும் தெரியத்தான் செய்தன. அந்தத் தாள் சோதனையை நேற்று அலுவலகத்தில் செய்து பார்த்தேன்: கைபேசிச் சட்டம் இருந்த பழைய வடிவத்தை நால்வரில் மூவர் சிக்னல் என்றார்கள், ஒருவர் அப்போதும் பங்குச் சந்தை என்றார்.

சிவப்புமை
அந்த ஒருவருக்குச் சிவப்பில் காட்டிப் பாருங்கள்.