வெள்ளை உடைக்கு உள்ளே என்ன நிறம் போடுகிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

பிசியோ வேலூர்
மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை. வெள்ளை டியூனிக், வெள்ளை பேன்ட். இந்த வருஷம் தந்த துணி போன வருஷத்ததைவிட மெல்லிசு. வெள்ளை பிரா போட்டால் முதுகுப் பட்டையும் கொக்கியும் வெளியே தெரிகின்றன. கடையில் கேட்டால் "ஸ்கின் கலர் எடுத்துக்குங்க" என்று ஒன்றைத் தந்தார்கள். நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. அந்த ஸ்கின் கலர் என் உடம்பில் வெளிறிய ரோஸாகத் தெரிகிறது, டியூனிக்குக்குள் பார்த்தால் வெள்ளைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலை. பின்னால் நோயாளியின் வீட்டார் நின்றால் கவனம் அங்கேதான் போகிறது. மெல்லிய வெள்ளைத் துணி போடுகிறவர்கள் உள்ளே என்ன நிறம் போடுகிறீர்கள்?

ராஜி
வெள்ளைக்குள் வெள்ளை போடவே கூடாது. கறுப்பும் கூடாது. ஸ்கின் கலர்தான் ஒரே வழி. நான் பல வருஷமாக அதைத்தான் போடுகிறேன், ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை. உங்கள் கடைக்காரர் மட்டமான பிராண்டைக் கொடுத்திருப்பார்.

தையல் அக்கா
ராஜி, நீங்கள் நல்ல வெளுப்பாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் உங்களுக்குச் சரியாக வருகிறது. கடையில் ஸ்கின் கலர் என்று விற்பது பெரும்பாலும் வெளிறிய பழுப்பு, அது யாரோ ஒருத்தருடைய ஸ்கின், நம்மில் பாதிப் பேருடையது இல்லை. பிராண்டை மாற்றினாலும் நிறம் அதேதான்.

மெல்லிய வெள்ளைத் துணியில் வெளிச்சம் உள்ளே போய், அங்கே இருப்பதில் பட்டுத் திரும்பி வருகிறது. பிசியோ தங்கச்சியின் மாநிறத் தோல் கொஞ்ச வெளிச்சத்தைத்தான் திருப்பும், அதுவும் கொஞ்சம் செம்மையாக. பக்கத்திலேயே வெள்ளைப் பட்டை இருந்தால் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பிவிடும். இரண்டும் சேருகிற ஓரம்தான் கோடாகத் தெரிகிறது. ஆகவே மேலே போடும் துணியின் நிறத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தோலின் நிறத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

என்னிடம் வெள்ளைச் சிக்கன்காரி டாப் தைக்க வருகிறவர்களில் மாநிறத்துக்கு காபி பிரவுன், இன்னும் கறுத்தவர்களுக்கு சாக்லேட் என்று சொல்வேன். பிரவுன் கிடைக்காத ஊரில் மெரூன். மெரூன் என்றதும் பயப்படுவார்கள், கையில் பார்த்தால் அடிக்கிற நிறம்தானே. ஆனால் வெள்ளைத் துணிக்கு அடியில் போனதும் அந்தச் சிவப்பு மங்கி, தோலின் இருட்டு அளவுக்கு வந்து நின்றுவிடும். நல்ல வெளுப்பானவர்களுக்கு மட்டும் மெரூன் இருட்டாகத் தெரியும்.

எடுக்கும்போது புறங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள். கை வெயிலில் கறுத்திருக்கும், முதுகும் வயிறும் அதைவிட ஒன்றிரண்டு படி வெளுப்பு. முழங்கைக்கு மேலே, உள்பக்கத் தோலில் வையுங்கள். அதன்மேல் அந்த டியூனிக்கையே ஒரு மடிப்பாகப் போட்டு ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள். ஓரம் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் உங்கள் நிறம்.

கொச்சி மருமகள்
எனக்கும் இதே பிரச்சினைதான். ஓணத்துக்குக் கசவுப் புடவை கட்டுவேன். இதைப் படித்துவிட்டு உள்ளே காபி பிரவுன் இன்ஸ்கர்ட் போட்டுப் பார்த்தேன், புடவை முழுக்க அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அக்கா சொன்னது எனக்கு ஒத்துவரவில்லையே?

தையல் அக்கா
அது வேறு கணக்கு அம்மா. பிரா உடம்பில் கொஞ்ச இடத்தை மறைக்கிறது, அதனால் மீதித் தோலோடு அது கலந்துபோக வேண்டும். இன்ஸ்கர்ட் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மொத்தமும் போர்த்துகிறது. அங்கே தோலே இல்லை, இன்ஸ்கர்ட்டின் நிறம்தான் புடவையில் ஏறும். கசவுக்கு அதே பாலேட்டு நிறத்தில் எடுங்கள், பளீர் வெள்ளை போட்டாலும் புடவையின் நிறம் மாறும். முன்னால் கொசுவத்தில் பல மடிப்பு இருப்பதால் கவலை இல்லை. பின்பக்கம் ஒரே மடிப்பு, வெயிலுக்கு எதிரே நின்றால் கால் நிழல் விழும். அதற்கு நிறத்தை மாற்றிப் பயனில்லை, துணி கெட்டியாக இருக்க வேண்டும், நெருக்கமாக நெய்த பாப்ளினில் தையுங்கள். உயரம் புடவைக் கரைக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும், முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு பட்டை தெரியும்.

வேட்டி கட்டுபவன்
சகோதரிகள் மன்னிக்கவும், ஆண்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. வெள்ளைச் சட்டைக்குள் கை வைத்த வெள்ளை பனியன் போட்டால் தோளுக்குக் கீழே ஒரு வட்டம், கழுத்தில் ஒரு வட்டம். இப்போது வெளிர் சாம்பல் நிறத்தில் வி கழுத்து பனியன் போடுகிறேன், கழுத்து வட்டம் போய்விட்டது, கையில் கோடு மங்கலாக இருக்கிறது. வேட்டிக்குள் கோடு போட்ட டிராயர் வேண்டவே வேண்டாம், ஒற்றை வேட்டி என்றால் கோட்டை எண்ணிவிடலாம்.

தையல் அக்கா
அண்ணா, உங்கள் தோல் சாம்பலைவிடக் கறுப்பாக இருக்கும், அதனால்தான் அந்தக் கோடு. பழுப்பில் கை இல்லாத பனியன் கிடைத்தால் பாருங்கள்.

பிசியோ வேலூர்
அக்கா சொன்ன மாதிரி பழைய மெரூன் ஒன்றை வைத்து ஜன்னலில் பார்த்தேன், கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. ஸ்கின் கலர் பக்கத்திலேயே பளிச்சென்று நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் பேன்டிலும் பிரவுன் போட்டேன். உள்ளாடை தெரியவில்லை. ஆனால் இரண்டு தொடையிலும் வெள்ளையாக ஒரு பை வடிவம் தெரிகிறது, இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை.

தையல் அக்கா
அது பாக்கெட்டின் உள்பை. வெள்ளைத் துணியையே இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்திருப்பார்கள், அந்த இடத்தில் மட்டும் தோல் மறைந்து வெளுப்பாகத் தெரியும். பக்கத்துத் தையல்கடையில் கொடுத்து உள்பையை மட்டும் உங்கள் தோல் நிறத்து லைனிங் துணியில் மாற்றச் சொல்லுங்கள். வாய் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் பேன்ட் துணியே இருக்கட்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது பழுப்பு எட்டிப்பார்க்கும். பாக்கெட் உபயோகமே இல்லை என்றால் வெட்டிவிட்டு வாயை மூடித் தைத்துவிடலாம்.

ஹாஸ்டல் வார்டன்
மெரூன் சரி, சாயம்? எங்கள் விடுதியில் ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் அக்குள் பக்கம் ரோஸ் கறை பிடித்துப் போகவே இல்லை. வேர்வையில் சாயம் இறங்குகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள்.

தையல் அக்கா
உப்பை நான் நம்புவதில்லை, கடையில் வாங்கிய துணியில் அது சாயத்தைப் பிடித்து நிறுத்திப் பார்த்ததில்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கத் தையல் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகத் துவைத்து மறுபடி தேய்த்துப் பார்க்க வேண்டும். சிலது எத்தனை தடவை துவைத்தாலும் விடும், அதை வெள்ளைக்குள் போடக்கூடாது.

ராஜி
உப்பு வேலை செய்யும். என் அம்மா காலத்திலிருந்து செய்கிறோம்.

ஹாஸ்டல் வார்டன்
இன்னொன்று, வேர்த்து நனைந்தால் வெள்ளைப் பருத்தி இன்னும் கண்ணாடியாகிவிடுகிறதே, அப்போது?

தையல் அக்கா
இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் துணி வெள்ளையாக மறைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் வெளிச்சம் நேராக உள்ளே போய்விடும். அப்போது நிறம் பொருந்தினாலும் லேஸ் பூவும் மடிப்பும் தெரியும். லேஸ் இல்லாத வழவழப்பான கப் எடுங்கள். அதற்கும் மேலே என்றால் கழுத்திலிருந்து டியூனிக் விளிம்புவரை முழு ஸ்லிப், அது வெள்ளையாகவே இருக்கலாம், ஏனென்றால் ஓரமே நடுவில் வராது. வேலூர் வெயிலில் அதைத் தாங்க முடியுமா என்பது தங்கச்சிக்குத்தான் தெரியும்.

பிசியோ வேலூர்
ஸ்லிப் ஏப்ரல், மே மாதங்களில் நடக்காது அக்கா. மெரூன் கைக்குட்டையில் லேசாக ஒட்டியது, அதனால் பிரவுனைத் தேடுகிறேன். என் சைஸில் பிரவுன் எங்கே கிடைக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், இங்கே கடையில் கேட்டால் மறுபடியும் ஸ்கின் கலரைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.