நன்றிக் கடிதத்தில் ‘கைம்மாறு’ வரியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வணக்கம். அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் தங்கிப் படித்துவிட்டுச் சென்னை திரும்பிய பிளஸ் ஒன் மாணவியின் நன்றிக் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி தேவை.

தொடக்கம் சரியாகிவிட்டது. ‘ரெஸ்பெக்டட் சார் அண்ட் மேடம்’ என்று இருந்ததை எடுத்துவிட்டு, ‘டியர்’ போட்டு, வீட்டில் அவர்களை அவள் கூப்பிட்ட பெயர்களையே எழுதச் சொன்னேன். கூடத் தங்கியவளிடமிருந்து அலுவலகக் கடிதம் மாதிரி வந்தால் அவர்களுக்கு அந்நியமாகத் தெரியும்.

அடுத்து, ‘ஃபுட் அண்ட் ஷெல்டர்’ கொடுத்ததற்கு நன்றி என்று இருந்தது. தமிழில் இயல்பான வரிதான். ஆங்கிலத்திலோ நிவாரண முகாமில் தங்கியதுபோல் ஒலிக்கிறது. பதிலாக நடந்த ஒன்றைச் சொல்ல வைத்தேன்: ‘தேங்க் யூ ஃபார் டீச்சிங் மீ டு பேக் பனானா பிரெட்’. ‘ஃபார்’ வந்தால் அடுத்த வினை ‘டீச்’ அல்ல, ‘டீச்சிங்’. அடிக்கடி தவறுவது இங்கேதான்.

‘தொந்தரவு கொடுத்திருந்தால் மன்னிக்கவும்’ என்ற வரியையும் நீக்கினேன். நம் பணிவு அவர்களுக்குப் புரியாது. என்ன நடந்ததோ என்று கவலைப்படுவார்கள்.

சிக்கல் கடைசி வரியில்: ‘உங்களுக்கு எப்படிக் கைம்மாறு செய்வேன்?’ ‘ஹவ் வில் ஐ ரீபே யூ’ என்றால் கடன்கணக்கு போல இருக்கிறது. ‘சென்னைக்கு வாருங்கள், எங்கள் வீட்டில் தங்குங்கள்’ என்று அழைப்பாக மாற்றலாமா? அந்த நெகிழ்ச்சி குறையாமல் வேறு வாக்கியம் தோன்றினால் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பெண் எழுதுவதுபோல எளிமையாக இருக்கட்டும்.