உதவி தேவை: ‘அக்பர்’ எங்கே மாறாமல் நிற்கிறது, எங்கே ‘குப்ரா’ ஆகிறது?

தென்காசி மாணவி எழுதியது:

அரபு இலக்கணத்தில் ஒப்பிட்டுச் சொல்லும் முறையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘கபீர்’ என்பதிலிருந்து ‘அக்பர்’, ‘தவீல்’ என்பதிலிருந்து ‘அத்வல்’ என அஃப்அல் வாய்பாட்டில் சொல்லை அமைப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை. அதை வாக்கியத்தில் வைக்கும்போதுதான் தடுமாறுகிறேன். வகுப்பில் நான் எழுதிக் கொடுத்த மூன்று வாக்கியங்களையும் ஆசிரியை அடித்துவிட்டார். காரணம் கேட்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. ‘கெய்ரோ அலெக்சாண்டிரியாவை விடப் பெரியது’ என்பதற்கு, நகரத்தின் பெயர் பெண்பால் என்பதால், ‘அல்காஹிரத்து குப்ரா மினல் இஸ்கந்தரிய்யத்தி’ என்று எழுதினேன். ‘கெய்ரோ எகிப்திலேயே மிகப் பெரிய நகரம்’ என்பதற்கு ‘அல்காஹிரத்து ஹியல் அக்பரு மதீனத்தின் ஃபீ மிஸ்ர’ என்றும், ‘இந்தச் சட்டை அதைவிடச் சிவப்பு’ என்பதற்கு ‘ஹாதல் கமீஸு அஹ்மரு மின் தாக்க’ என்றும் எழுதினேன். இவற்றில் எது ஏன் தவறு என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நிலவன் எழுதியது:

முதல் வாக்கியத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அஃப்அல் வாய்பாட்டுச் சொல் பால், எண் எதற்கும் மாறாது. எழுவாய் பெண்பாலாக இருந்தாலும் பன்மையாக இருந்தாலும் ‘அக்பர்’ தான். ‘குப்ரா’ என்பது கதீஜத்துல் குப்ரா போன்ற சிறப்புப் பெயர்களில் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய வடிவம். வாக்கியம் எழுதும்போது அதை மறந்துவிடலாம்.

ஷார்ஜா துணிக்கடை எழுதியது:

நிலவன் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் ‘அர்கஸ்’ இருக்கிறதா என்று கேட்பார்கள். பொருள் எதுவானாலும் அந்தச் சொல் மாறி நான் கேட்டதில்லை. என் சந்தேகம் வேறு. எங்களுடன் வேலை செய்பவர்கள் ‘ரகீஸ் அக்ஸர்’ என்கிறார்கள். அதாவது ‘மலிவு’ என்று சொல்லிப் பின்னால் ‘அதிகம்’ என்பதைச் சேர்க்கிறார்கள். அப்படிச் சொல்வது பிழையா?

காயல்வாசி எழுதியது:

மூன்று வாக்கியங்களும் ஒரே இடத்தில் இடறுகின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே தனித்தனியாகவே பார்ப்போம். இஸ்முத் தஃப்ளீல் என்று மத்ரஸாவில் நாங்கள் படித்த இந்தச் சொல், தன்னை அடுத்து என்ன வருகிறது என்பதைப் பொறுத்து நடந்துகொள்ளும். அதற்குப் பின் ‘மின்’ வந்து, எதைவிட என்பதைச் சொல்லிவிட்டால், அது உறைந்துபோய்விடும். எழுவாய் ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவராயினும் பலராயினும் ஆண்பால் ஒருமை வடிவத்திலேயே நிற்கும். ஆகவே ‘அல்காஹிரத்து அக்பரு மினல் இஸ்கந்தரிய்யத்தி’ என்பதே சரி. ‘அவர்கள் எங்களைவிட உயரம்’ என்றாலும் ‘ஹும் அத்வலு மின்னா’ தான். இந்த அளவில் நிலவன் சொன்னது பொருந்தும்.

ஆனால் ‘குப்ரா’வை மறந்துவிடலாம் என்பதை ஏற்க இயலாது. சொல்லின் முன்னே ‘அல்’ சேர்ந்து, அது ஒரு பெயரைத் தொடர்ந்து அடைமொழியாக வந்தால், அந்தப் பெயருக்கு ஏற்ப மாறியே ஆகவேண்டும். அல்மஸ்ஜிதுல் அக்ஸா என்று ஆண்பாலுக்கு வருவதும், அல்அஸ்மாவுல் ஹுஸ்னா என்று வருவதும் இதே விதியால்தான். இளைய மகளை ‘அல்பின்துஸ் ஸுக்ரா’ என்பதும், இடைக்காலத்தை ‘அல்குரூனுல் வுஸ்தா’ என்பதும் அன்றாட வழக்கு. சிறப்புப் பெயர்கள் அல்ல. செவ்வியல் இலக்கணத்தில் ‘அல்’ முன்னும் ‘மின்’ பின்னும் ஒருசேர வருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால், மாணவியின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாம் வாக்கியத்தில் ‘அக்பர்’ அடுத்துள்ள ‘மதீனா’வுடன் இணைந்து ‘நகரங்களுள் பெரியது’ என்ற பொருளைத் தருகிறது. அப்படி இணைந்த சொல்லின் முதலில் ‘அல்’ வராது. ‘அல்காஹிரத்து அக்பரு மதீனத்தின் ஃபீ மிஸ்ர’ என்று எழுத வேண்டும். பின்னால் வரும் பெயர் ‘அல்’ இல்லாத ஒருமையாக, ‘இ’ ஈற்றுடன் இருக்க வேண்டும். இங்கும் ‘அக்பர்’ மாறாது. பன்மையாகச் சொல்ல விரும்பினால் ‘அக்பருல் முதுனி’ எனலாம்.

மூன்றாவதுதான் சுவையானது, ஏனென்றால் ‘அஹ்மர்’ பார்வைக்கு அஃப்அல் வாய்பாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது ‘சிவந்தது’ என்று மட்டுமே பொருள்படும் நிறப்பெயர். ‘அதிகம் சிவந்தது’ என்பது அதில் இல்லை. பெண்பாலைக் கேட்டால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஒப்பீட்டுச் சொல்லுக்குப் பெண்பால் ‘குப்ரா’ என்ற வாய்பாட்டில் வரும், நிறத்துக்கோ ‘ஹம்ரா’ என்று வரும். ஆகவே அதை ஒப்பிட, ‘கடுமையான’ என்று பொருள்படும் ‘ஷதீத்’ என்பதிலிருந்து ‘அஷத்து’ எடுத்து, நிறத்தின் பெயர்ச்சொல்லை ‘அன்’ ஈற்றுடன் சேர்க்க வேண்டும்: ‘ஹாதல் கமீஸு அஷத்து ஹும்ரத்தன் மின் தாக்க’. கஹ்ஃபு அத்தியாயத்தின் 34ஆம் வசனத்தில் வரும் ‘அன அக்ஸரு மின்க மாலன்’, அதாவது ‘செல்வத்தில் உன்னைவிட நான் அதிகமானவன்’ என்பதும் இதே அமைப்புதான். அங்கே ‘மின்க’ நடுவிலும் ‘மாலன்’ இறுதியிலும் வருகின்றன. இரண்டும் இடம் மாறினாலும் பிழையில்லை.

கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் நேரடியாகவே அஃப்அலில் ஒப்பிடலாம் என்று கூஃபா இலக்கணிகள் கருதினார்கள், பஸ்ரா இலக்கணிகள் மறுத்தார்கள். வகுப்புத் தேர்வுக்குப் பஸ்ராவைப் பின்பற்றுவது பாதுகாப்பு.

ஷார்ஜா நண்பருக்கு: ‘ரகீஸ் அக்ஸர்’ கடைத்தெருவில் எல்லோருக்கும் விளங்கும், எழுத்தில் பிழை. ‘அர்கஸ்’ என்ற ஒரு சொல்லிலேயே ஒப்பீடு முடிந்துவிட்டது. ‘இது அதைவிட விலை அதிகம்’ என்றால் ‘ஹாதா அக்லா மின் தாக்க’. ‘காலீ’ என்பதன் ஈறு ‘ஆ’ ஆகிவிடும். பேச்சு அரபில் பெண்பால் வடிவங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டதால்தான் நீங்கள் மாற்றத்தைக் கேட்டிருக்கவில்லை.

நிலவன் எழுதியது:

அல்அஸ்மாவுல் ஹுஸ்னாவை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை, ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ‘என்னைவிட’ என்பதற்கு ‘மின் அன’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பிழைதானே?

காயல்வாசி எழுதியது:

பிழைதான். ‘மின்’னை அடுத்து ‘அன’, ‘நஹ்னு’ போன்ற தனி வடிவங்கள் வாரா. ‘மின்னீ’, ‘மின்னா’ என்று தன்மையில் ‘ன்’ இரட்டிக்கும். முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘மின்க’, ‘மின்ஹு’ என்று ஒற்றையாகவே நிற்கும். பெயர்ச்சொல் வந்தால் ‘இ’ ஈறு பெறும், ‘அல்’ வந்தால் ‘மின’ என்று உயிரேறி இணையும். சுப்ஹு பாங்கில் கேட்கும் ‘அஸ்ஸலாத்து கைரும் மினன் நவ்ம்’ இதற்கு நல்ல சான்று. கூடவே, ‘கைர்’ அஃப்அல் வடிவில் இல்லாமலேயே ‘மேலானது’ என்று ஒப்பிடுவதையும் அதில் கவனிக்கலாம். ‘தீமையானது’ என்பதற்கு ‘ஷர்ரு’ம் இப்படியே.

தென்காசி மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. என் வாக்கியங்களைத் திருத்திவிட்டேன். ஒரு முரண்பாடு மட்டும் இருக்கிறது. அரபு நாளிதழ்களில் ‘அத்தவ்லத்துல் அக்ஸரு சுக்கானன்’, அதாவது ‘மக்கள்தொகை மிகுந்த நாடு’ என்று எழுதுகிறார்கள். ‘தவ்லா’ பெண்பால், முன்னால் ‘அல்’ இருக்கிறது. அப்படியிருந்தும் ‘அக்ஸர்’ மாறவில்லையே?

காயல்வாசி எழுதியது:

கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். பழைய விதிப்படி அங்கே பெண்பால் வடிவம் வந்திருக்க வேண்டும், ஆனால் ‘குஸ்ரா’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘அக்ஸர்’ துணைச்சொல்லாக வரும்போது அதை மாற்றாமல் விடுவது இன்றைய எழுத்தில் ஊன்றிவிட்டது. ‘அல்மதீனத்துல் அக்பர்’ என்றும் செய்திகளில் வருகிறது. முந்தையதை நான் பொறுத்துக்கொள்வேன், பிந்தையதைத் திருத்துவேன். எங்கள் ஊரிலேயே வேறு ஆசிரியர்கள் இரண்டையும் அடிப்பார்கள். உங்கள் ஆசிரியை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.