பார்த்துவிட்டு மட்டும் போனவர்கள் பேச ஆரம்பித்தது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுவானம்:
வெறும் கண்ணால் வானம் பார்ப்பதைப் பற்றி ஒரு பக்கம் நடத்துகிறேன். 4,000 பேருக்கு மேல் பின்தொடர்கிறார்கள். படம் போட்டால் லைக் விழும், ஆனால் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, லிங்க்கைப் பக்கத்தில் போட்டேன். இரண்டு நாளில் 600 பேர் சேர்ந்தார்கள். முதல் வாரம் காலை வணக்கப் படங்கள் வந்தன. அப்புறம் அமைதிதான்.

அந்தக் குழுவை அப்படியே விட்டுவிட்டு, மூன்று மாதத்துப் பதிவுகளைத் திரும்பப் பார்த்தேன். ஒரு முறையாவது கேள்வி கேட்டவர்கள் 40 பேர் தேறினார்கள். "அன்று சிவப்பாகத் தெரிந்தது என்னவென்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?" என்று அவரவர் கேள்வியைச் சொல்லியே ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி, ஒரு புதுக் குழுவுக்கு அழைத்தேன். 28 பேர் வந்தார்கள்.

சனிக்கிழமை தோறும் இரவு 8 மணிக்கு ஒரே கேள்விதான் கேட்பேன்: "இப்போது வெளியே போய்ப் பாருங்கள். நிலா எங்கே இருக்கிறது, பக்கத்தில் பளிச்சென்று ஏதாவது தெரிகிறதா?" நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால் கேள்வி மாறாவிட்டாலும் பதில் வாரா வாரம் மாறிவிடும். சில சனிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு நிலாவே இருக்காது. "மேகம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதினாலும் அது பதில்தான். முதல் சனிக்கிழமை 11 பேர் எழுதினார்கள்.

இரண்டாம் வாரம் நானே கெடுத்துவிட்டேன். "நிலாவுக்குக் கீழே மின்னாமல் நிற்கிறதே, அது என்ன?" என்று ஒருவர் கேட்டார். உடனே "வியாழன்" என்று எழுதினேன். பேச்சு அதோடு நின்றுபோனது. மூன்றாம் வாரத்திலிருந்து அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். ஒருவர் "மின்னாவிட்டால் கோள்தான்" என்றார். இன்னொருவர், "அடிவானத்தை ஒட்டி இருந்தால் கோளும் மின்னுமே, நான் பார்த்திருக்கிறேன்" என்றார். அன்று நான் எழுதாமலேயே 19 செய்திகள் ஓடின. படித்துக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

பின்னல்கூடை:
எனக்குப் பரிசுதான் கை கொடுத்தது. வாரம் ஒரு போட்டி, வென்றவருக்கு ஒரு நூல்கண்டு. குழு கலகலவென்று இருந்தது. பரிசை நிறுத்திய மாதம் பாதிப் பேரைக் காணோம். இருந்தாலும், ஆரம்பத்தில் ஆளைக் கொண்டுவரப் பரிசு வேண்டும் என்பதுதான் என் கருத்து.

புதுப்பயணி:
எனக்கு 900 பேர்தான் பின்தொடர்கிறார்கள். இதை 5,000 ஆக்க என்ன செய்யலாம் அண்ணா? தினமும் எத்தனை பதிவு போட வேண்டும்?

இரவுவானம்:
தம்பி, இங்கே பேசுவது ஆள் சேர்ப்பதைப் பற்றி இல்லை. அந்த 900 பேரில் கடைசியாக உங்களிடம் கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள். அவருக்கு இன்றைக்கே எழுதுங்கள்.

பழையகை:
பல வருடமாகக் குழுக்கள் நடத்துகிறேன். பேசாதவர்களைக் குறையாக நினைக்க வேண்டாம். இணையக் குழுக்களில் 100 பேரில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். அது ஒரு தோராயக் கணக்கு. சிறிய குழுவில் நிலைமை நன்றாகவே மாறும். 28 பேரில் 11 பேர் பேசியதே அதற்குச் சான்று.

நான் செய்திகளை எண்ணுவதில்லை. வாரத்தில் எத்தனை வேறு வேறு ஆட்கள் பேசினார்கள், அவர்களில் முதல் முறை பேசியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் குறித்து வைப்பேன். ஒரு குழுவில் ஒரே வாரம் 300 செய்திகள். எண்ணிப் பார்த்தால் பேசியவர்கள் 5 பேர்தான். அந்த ஐவரின் வேகத்தைப் பார்த்தே மற்றவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களை அடக்கவில்லை. ஆளுக்கொரு வாரம் கேள்வி போடும் பொறுப்பைக் கொடுத்தேன். கேள்வி போட்டவர் பதிலுக்காகக் காத்திருக்கத்தானே வேண்டும்? அதில் மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது.

இன்னொன்று: முதல் முறை எழுதியவருக்கு அன்றைக்கே யாராவது பதில் சொல்லிவிட வேண்டும். யாருமே கண்டுகொள்ளாமல் போனவர்கள் மறுபடி எழுதியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்:
ஐயா, மூன்று மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்களைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா?

பழையகை:
நான் எடுப்பதில்லை. எட்டு மாதம் மௌனமாக இருந்த ஒருவர், குழுவில் படித்ததை வைத்தே ஒரு நாள் புதியவருக்கு முழு விளக்கம் கொடுத்தார்.

இரவுவானம்:
எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது ஐயா. 28 பேர் குழு இப்போது 70 ஆகிவிட்டது. புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் பேசுவதில்லை. அதைவிட, முன்பு மனம் திறந்து எழுதியவர்களே இப்போது யோசித்து எழுதுகிறார்கள். எடுப்பதா, இரண்டு குழுவாகப் பிரிப்பதா என்று தெரியவில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.