ஒரே வகுப்பில் செயலாராய்ச்சி: வினாத்தாள் விஷயத்தில் உதவி தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியலில் திருப்புதலுக்கு ஒரு முறையைச் சோதித்துப் பார்க்கிறேன். பாடத்தை மறுபடி வாசிப்பதற்குப் பதில், புத்தகத்தை மூடிவைத்து நினைவில் இருப்பதைப் பத்து நிமிடம் எழுதுவது, பிறகு திறந்து விடுபட்டதைச் சேர்ப்பது.

எனக்கு இருப்பது ஒரே பிரிவு. முன்தேர்வு, பின்தேர்வு மட்டும் வைத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அது முறையால் வந்ததா, இன்னொரு தடவை படித்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதனால் வரிசை எண்ணில் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று வகுப்பை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். நரம்பு மண்டலத்தை ஒற்றைப்படைக் குழு எழுதிப் பார்க்கும், மற்ற குழு வாசிக்கும். ஹார்மோன்களுக்கு அப்படியே மாற்றிவிடுவேன். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு முறைகளையும் செய்துவிடும் என்பதால், அவரவர் மதிப்பெண்ணையே ஒப்பிடலாம்.

தேர்வு ஒரு வாரம் கழித்துத்தான். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி 2006இல் இதே இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தில் அது தலைகீழானது.

சிக்கல் இதுதான். இரண்டு பாடங்களுக்கும் ஒரே அளவு கடினமான வினாக்கள் வேண்டும். வேறு பள்ளியில் இதே பாடங்களை முடித்தவர்கள் என் வினாக்களைத் தங்கள் வகுப்பில் ஒருமுறை வைத்து, வினாவாரியாக எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று சொல்ல முடியுமா? அப்புறம், ஒரு பாடத்தின் திருப்புதலுக்கு வராத பிள்ளையைக் கணக்கிலிருந்து முழுவதும் நீக்குவீர்களா?