ஜிர்கோனியா மேல் வைத்த பீங்கான் பெயர்ந்த கதை

லேப் டெக்னீஷியன்:
கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நான் செய்த ஜிர்கோனியா கிரவுன் எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. நாக்குப் பக்க முகட்டில் பீங்கான் சில்லாகப் பெயர்ந்திருந்தது. உடைந்த இடத்தில் ஜிர்கோனியா தெரியவில்லை, மெல்லிய பீங்கான் படலம் ஒட்டியே இருந்தது. அதாவது ஒட்டு விடவில்லை, பீங்கானே உள்ளுக்குள் பிளந்திருக்கிறது.

டிசைனைத் திறந்து பார்த்தேன். பீங்கானுக்கு அடியில் இருக்கும் ஜிர்கோனியா உள்சட்டத்தை எங்கும் ஒரே கனமாக, தொப்பி மாதிரி செய்திருந்தேன். அதனால் முகட்டில் பீங்கான் கிட்டத்தட்ட 3 மி.மீ. தாங்கல் இல்லாமல் நின்றிருக்கிறது. பளபளப்புக்கான கடைசிச் சூடான கிளேஸ் முடிந்ததும் ஃபர்னஸை உடனே திறந்துவிடும் பழக்கமும் எனக்கு இருந்தது. ஜிர்கோனியா வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்புறம் இறுகும்போது உள்ளே இன்னும் சூடு இருக்கும், அந்த இழுவிசை பீங்கானுக்குள்ளேயே தங்கிவிடும். இப்போது சட்டத்தைப் பல்லின் வடிவத்திலேயே சிறிதாகச் செய்கிறேன். கடைசி ஃபயரிங்கில் பீங்கான் முழுக்க இறுகும்வரை ஃபர்னஸைத் திறப்பதில்லை.

மாணவி:
மேலே ஏற்றும் ஃபெல்ட்ஸ்பாத்திக் பீங்கான் சுமார் 100 மெகாபாஸ்கல்தான் தாங்கும், லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் 350க்கு மேல். அதையே போட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

பல் மருத்துவர்:
முழுக்க அதிலேயே செய்தால் பெரும்பாலும் சரி. அழகுக்காக முன்பக்கத்தைக் குறைத்து மேலே பீங்கான் பவுடர் ஏற்றினால், வெளியே இருப்பது மறுபடி பலவீனமான அடுக்குதான். லித்தியம் டைசிலிகேட்டே மெல்லியதாகப் போனால் அது சில்லாகப் பெயராது, இரண்டாகவே உடையும். ஒரு கடைவாய்ப் பல்லில் இடம் போதாமல் 1 மி.மீ.க்கும் குறைவாக விட்டு, அப்படி ஒன்றை இழந்தேன்.

டெக்னீஷியன் அண்ணா, அந்த கிரவுனை வாயில் வைத்தபோது டைமண்ட் பர் போட்டுத் தேய்த்தார்களா? என்னிடம் வந்த ஒன்றில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் விரிசல் கோடுகள் எல்லாம் பளபளப்பு போன ஒரே புள்ளியிலிருந்து விரிந்தன. கடி உயரமாக இருக்கிறதென்று தேய்த்துவிட்டு பாலிஷ் செய்யாமல் விட்டிருந்தேன். அந்தக் கீறல்தான் தொடக்கம்.

ஒரு நோயாளி:
எனக்கும் கேப் கழன்று கையில் வந்துவிட்டது. இதுவும் சூடு பிரச்சினையா?

பல் மருத்துவர்:
முழுசாகக் கழன்றதென்றால் அது வேறுங்க. சிமென்ட்டையோ, உள்ளே இருக்கும் பல்லையோதான் பார்க்க வேண்டும். கேப்பைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூத்த டெக்னீஷியன்:
உலோகத்தின் மேல் முப்பது வருடமாக பீங்கான் சுடுகிறேன், வெளியே எடுத்து அப்படியே ஆறவிடுவேன், ஒன்றும் ஆகவில்லை.

லேப் டெக்னீஷியன்:
உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடும் ஐயா. உலோகத்துக்கான பீங்கான் பவுடரில் லூசைட் என்ற படிகம் இருக்கிறது, அந்தப் பீங்கானை மிக மெதுவாக ஆறவிட்டால் விரிவுத்தன்மை கூடிவிடும். உங்கள் முறையை ஜிர்கோனியாவுக்கு எடுத்துவர முடியாது, என் முறையும் உங்களுக்கு ஒத்துவராது.

பர் போட்டார்களா என்று அந்த கிளினிக்கில் கேட்டேன், நினைவில்லை என்றார்கள். உடைந்த துண்டும் கிடைக்கவில்லை. சட்டத்தையும் ஆறவிடும் முறையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டதால், எது காப்பாற்றுகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.