ஆர்டிஎக்ஸ் 3080-இல் லிக்விட் மெட்டல்: ஹாட்ஸ்பாட் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, மறுபடியும் பூசலாமா?

வெப்பமானி:
வணக்கம் நண்பர்களே. கணினி பூட்டுவது எனக்குப் புதிதில்லை. 8700கே வந்த காலத்தில் அதன் மூடியைக் கழற்றி உள்ளே லிக்விட் மெட்டல் வைத்தேன், இன்று வரை அதில் ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் போன வருடம் என் 3080 கார்டிலும் ஆலை பேஸ்டை எடுத்துவிட்டு லிக்விட் மெட்டல் பூசினேன். டையைச் சுற்றியுள்ள சின்ன கெப்பாசிட்டர்கள் மேல் நெயில் பாலிஷ் அடித்துக் காய வைத்த பிறகுதான் பூசினேன். மெமரி பேடுகளையும் அப்போதே மாற்றினேன்.

பூசுவதற்கு முன் முழு லோடில் கோர் 76, ஹாட்ஸ்பாட் 98. பூசிய பின் 66, 78. இப்போது கோர் 70, ஹாட்ஸ்பாட் 97. மெமரி அன்றைக்கு இருந்த 88 டிகிரியிலேயே நிற்கிறது. ஃபேன், தூசி எல்லாம் பார்த்துவிட்டேன், அறை வெப்பமும் அதேதான். இடையில் நடந்த ஒரே மாற்றம், கார்டை ரைசர் கேபிள் போட்டுச் செங்குத்தாக நிறுத்தியது. ஹீட்சிங்கின் அடிப்பகுதி முலாம் பூசாத செம்பு, சிவப்பாகவே இருக்கும்.

இன்னும் திறக்கவில்லை. மறுபடியும் லிக்விட் மெட்டலே பூசலாமா, பேஸ்டுக்குத் திரும்பிவிடலாமா?

மின்னல்வேகம்:
ப்ரோ, காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். செங்குத்தாக நிறுத்தினால் உலோகம் கீழே இறங்கத்தான் செய்யும். பழையபடி படுக்கையாக மாட்டுங்கள். திறந்ததும் செம்பில் ஒட்டிய சாம்பல் கறையை 2000 நம்பர் உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள், 78-க்கே வந்துவிடும். பிளேஸ்டேஷன் 5-இலேயே லிக்விட் மெட்டல்தான் இருக்கிறது. அதைக் கோடிக்கணக்கான வீடுகளில் நிறுத்தியும் படுக்க வைத்தும் ஓட்டுகிறார்கள். பேஸ்டுக்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

ஈயப்பற்று:
தயவுசெய்து உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கார்டு ஆறியிருக்கும்போது HWiNFO திறந்து `GPU Temperature`, `GPU Hot Spot Temperature` இரண்டையும் பார்த்தபடி ஒரேயடியாக முழு லோடு கொடுங்கள். சில நொடிகளிலேயே இரண்டுக்கும் நடுவில் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி வந்துவிட்டால், கோளாறு டைக்கும் செம்புக்கும் நடுவில். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி மெதுவாக ஏறினால் காற்றோட்டத்தைப் பாருங்கள். உங்கள் மெமரி நகராமல் இருப்பதை வைத்துப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

8700கே-யில் நிலைத்தது இங்கே ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு வருகிறேன். அந்த மூடியும் செம்புதான், ஆனால் உள்பக்கமும் நிக்கல் முலாம் பூசியது. நிக்கலுக்குள் காலியம் அவ்வளவு எளிதில் நுழையாது. முலாம் இல்லாத செம்பு என்றால் காலியம் அதற்குள் ஊறிப்போய் செம்போடு சேர்ந்து கெட்டியான வேறொரு சேர்மமாகிவிடும். நாம் பூசும் கலவை திரவமாக இருப்பதே காலியம், இண்டியம், வெள்ளீயம் மூன்றும் சரியான விகிதத்தில் இருப்பதால்தான். காலியம் குறையக் குறைய மிச்சம் இருப்பது கூழாகி, அப்புறம் மணல் மாதிரி ஆகிவிடும். பூசிய புதிதில் அருமையாக இருந்து, மாதக்கணக்கில் ஹாட்ஸ்பாட் மட்டும் தனியாக ஏறுவது இதற்கே உரிய அடையாளம்.

செம்பு மேல் தெரியும் அந்தச் சாம்பல் கறை அழுக்கு இல்லை, செம்பு ஏற்கெனவே குடித்து முடித்த அடுக்கு அது. அதைத் தேய்த்து எடுத்தால் புதுச் செம்பு வெளியே வந்து முதலிலிருந்து குடிக்கத் தொடங்கும். மேடு தட்டியிருந்தால் மேட்டை மட்டும் சமப்படுத்துங்கள், சிவப்பு தெரியும் வரை போகாதீர்கள்.

படுக்கையாக மாட்டினால் ஆபத்து இல்லை என்பதும் சரியில்லை. சாதாரண டவரில் கார்டு படுக்கும்போது டை கீழ்நோக்கித்தான் இருக்கும். மிகையாகப் பூசியது ஓரமாக வழிந்தால் ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகள் மேல் விழும். அலுமினியத்தில் காலியம் பட்டால் அந்த இடம் நொறுங்கிப் போகும். பிளேஸ்டேஷனில் டையைச் சுற்றி உலோகம் வெளியே போகாதபடி தடுப்பு வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். நம் கார்டில் அது கிடையாது.

நள்ளிரவு_ரெண்டர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ரைசன் 5900எக்ஸ் மூடிக்கு மேலே லிக்விட் மெட்டல் போட்டிருக்கிறேன். இரண்டே டிகிரிதான் குறைந்தது. என்னுடையதும் காய்ந்துவிட்டதா? கூலர் சின்னது, குழாய்களே நேராக மூடியில் படுகிற வகை.

ஈயப்பற்று:
உங்களுடையது காய்ந்ததால் வந்த கணக்கு இல்லை. ரைசனில் டையும் மூடியும் ஏற்கெனவே சால்டர் செய்தவை, மூடிக்கு வரும்போதே வெப்பம் பரவிவிடுகிறது. அங்கே எதைப் பூசினாலும் இரண்டு டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கூலரைப் பற்றிச் சொன்னீர்களே, அதுதான் கவலை. குழாய்கள் நேராகப் படும் கூலர்களில் குழாய்களுக்கு நடுவே இருக்கும் பகுதி பெரும்பாலும் அலுமினியம். இன்றே கழற்றிப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் தூள் உதிர்ந்தாலோ, விரல் நகத்துக்கே உலோகம் பெயர்ந்தாலோ அந்தக் கூலரை விட்டுவிடுங்கள்.

வெப்பமானி:
சோதனை செய்துவிட்டேன் அண்ணா. லோடு கொடுத்த சில நொடிகளில் இடைவெளி 24-க்கு எகிறியது. உடனே திறந்தேன். டையின் நடுவில் பளபளப்பே இல்லை, சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கிறது. செம்புப் பக்கம் முழுக்க மங்கிய வெள்ளி நிறம். கீழ் ஓரத்தில், நெயில் பாலிஷ் மேல் கடுகளவு ஒரு மணி உருண்டு நிற்கிறது. அது போக இன்னொன்று: மேல் இடது மூலையில் டை மேல் ஒட்டியிருக்கிறது, அதற்கு நேரான செம்பில் அடையாளமே இல்லை.

மின்னல்வேகம்:
பார்த்தீர்களா, கீழே மணி இருக்கிறதே. இறங்கித்தான் இருக்கிறது.

ஈயப்பற்று:
ஆமாம், இறங்கியதும் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடுகளவு இறங்கியதால் நடுப்பகுதி பொடியாகாது. அந்த மணி சொல்வது வேறு: முதலில் பூசியது கொஞ்சம் அதிகம். நெயில் பாலிஷ் இல்லாதிருந்தால் அது கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்திருக்கும்.

மணியை ஊதாதீர்கள், காற்று டப்பாவும் வேண்டாம், சிதறிப் பரவிவிடும். வெறும் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள் அல்லது உலர்ந்த காட்டன் பட்ஸில் ஒற்றி எடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இந்த உலோகத்தைக் கரைக்காது, துடைப்பதற்கு வழுக்கலாகத்தான் உதவும். டையிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்காமல், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து அள்ளுங்கள். ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கெப்பாசிட்டர்களுக்கு நடுவே பளிச்சென்று ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம்.

மறுபடியும் பூசலாமா என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3080 டை 628 சதுர மில்லிமீட்டர். கார்டின் 320 வாட்டில் டைக்குப் போவது சுமார் 230 என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேஸ்ட் 50 மைக்ரான் தடிமனில் நிற்கிறது, டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை நம்பாமல் கடத்துதிறனை 5 என்று எடுத்தால்:

```
ΔT = Q × t / (k × A)
3080:  230 × 0.00005 / (5 × 0.000628) ≈ 3.7
8700K: 130 × 0.0001  / (5 × 0.00015)  ≈ 17
```

இரண்டாவது வரி உங்கள் பழைய 8700கே. டை சின்னது, மூடியை ஒட்டிய பசையின் உயரத்தால் பேஸ்ட் அடுக்கும் தடிமன். அதனால் அங்கே லிக்விட் மெட்டல் 15 டிகிரிக்கு மேல் கொடுத்தது. 3080-இல் பேஸ்ட் அடுக்கே சராசரியாக 4 டிகிரிதான் தின்கிறது, அதை முழுக்க ஒழித்தாலும் லாபம் அவ்வளவுதான். ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் வெப்பம் குவிவதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். உங்களுக்கு 98 என்பது 78 ஆனதில் பெரும்பங்கு, வெளியே தள்ளப்பட்டுக் காய்ந்துபோயிருந்த ஆலை பேஸ்டை எடுத்ததால் வந்தது. புது பேஸ்ட் போட்டிருந்தாலே பாதிக்கு மேல் கிடைத்திருக்கும்.

நான் செய்வதானால் பிடிஎம்7950 தாள் போடுவேன். மின்சாரம் கடத்தாது, 45 டிகிரியை ஒட்டி இளகி மெல்லியதாகப் பரவும், பெரிய டையில் பேஸ்ட் மாதிரி வெளியே தள்ளப்படுவது மிகக் குறைவு. ஒட்டும் முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் பாதுகாப்புத் தாள் கிழியாமல் வரும். முதல் சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் அதன் உண்மையான எண்ணைப் பார்க்க முடியும்.

மின்னல்வேகம்:
கணக்கு சரி, ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. செம்பு ஒரு முறை குடித்து நிறைந்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது பூச்சு நிற்கத்தானே வேண்டும்? என் லேப்டாப்பில் இரண்டாவது முறை பூசியது இப்போது வரை அசையவில்லை. கடையில் தாள் வாங்கி ஒட்டுவதற்குப் பதிலாக, கையில் இருப்பதைப் பூசிவிடலாம்.

ஈயப்பற்று:
இரண்டாவது பூச்சு முதலாவதைவிட நீண்ட நாள் நிற்கும், அது உண்மை. பல லேப்டாப்களில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நாள் என்பது செம்பு எவ்வளவு ஆழத்துக்குக் குடித்திருக்கிறது, டை எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது, அதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கத் தயார் என்றால் பூசட்டும். மூன்று நான்கு டிகிரிக்காக அவ்வளவு விலையுள்ள கார்டில் நான் செய்ய மாட்டேன்.

வெப்பமானி:
தாளுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். அது வரும் வரை ஓட்டுவதற்காக, கையில் இருந்த சாதாரண பேஸ்டைப் பூசினேன். செம்பைத் தேய்க்கவில்லை, துடைத்ததோடு சரி. கோர் 69, ஹாட்ஸ்பாட் 86. லிக்விட் மெட்டலின் முதல் நாள் எண்ணைவிட எட்டு டிகிரி அதிகம், நேற்றைய எண்ணைவிடப் பதினொன்று குறைவு.

மேல் இடது மூலை ஏன் படவில்லை என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

ஈயப்பற்று:
எட்டு டிகிரியில் ஒரு பங்கு அந்த மூலையால் வந்ததாகவும் இருக்கலாம். நீங்கள் மாற்றிய பேடுகள் மேல் எனக்குச் சந்தேகம். அந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கும் மெமரி சிப் மேல் பேட் கால் மில்லிமீட்டர் தடிமன் கூடினாலே, அதுவும் கெட்டியான வகையாக இருந்தால், செம்பு அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். பேஸ்ட் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பிச் சமாளிக்கும், லிக்விட் மெட்டல் அப்படி நிரப்பாது. தாள் வந்ததும் ஒட்டுவதற்கு முன், இப்போது போட்ட பேஸ்டின் தடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்த மூலையில் பேஸ்ட் தடிமனாக நின்றிருந்தால் பேட்தான் காரணம். அது உங்கள் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர், இப்போது போட்டிருப்பது எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நள்ளிரவு_ரெண்டர்:
கூலரைக் கழற்றினேன். குழாய்களுக்கு நடுவே கீறினால் வெள்ளைத் தூள் வருகிறது. ப்ராசஸர் மூடியில் எழுத்துகள் பாதி அழிந்திருக்கின்றன, ஆனால் கணினி ஓடுகிறது. எழுத்து அழிந்தால் வாரன்டி போச்சு என்கிறார்களே, அது உண்மையா?